கொடுக்கும்போது பேசிக், பிடிக்கும்போது கிராஸ்

மார்ச் 9-ஆம் தேதி இரவு அக்கா மகன் போன் செய்தான். பழைய மைலாப்பூர் வீட்டுப் பிள்ளை, இப்போது ஓ.எம்.ஆர். பக்கம் வேலை. "மாமா, எஃப் அண்ட் எஃப் வந்திருக்கு. ஏதோ இடிக்குது, ஆனா எதுன்னு தெரியல" என்றான். இருபத்தைந்து வருடம் சம்பளக் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். வேலையை விட்டவனுக்குக் கடைசியாகக் கொடுக்கும் அந்த ஒரு பக்கத் தாளை ஆயிரக்கணக்கில் போட்டிருக்கிறேன். தவறாகவும் போட்டிருக்கிறேன், திரும்பி வந்து கேட்டவர்களுக்குத் திருத்திக் கொடுத்தும் இருக்கிறேன். கேட்காதவர்கள்தான் அதிகம்.

அனுப்பியிருந்த பிடிஎஃப்பைக் கணினியில் திறந்தேன். இடது பக்கம் வரவு, வலது பக்கம் பிடித்தம், அடியில் தடித்த எழுத்தில் நிகரத் தொகை ரூ.1,87,674. பையன் 2019 ஜூன் 10 அன்று சேர்ந்து 2026 ஜனவரி 23 அன்று விடுபட்டவன். மொத்த மாதச் சம்பளம் 1,20,000. அதில் அடிப்படைச் சம்பளம், அதாவது எல்லோரும் சொல்லும் பேசிக், 60,000. தாளில் இருந்த வரவுகள் மூன்று: ஜனவரியின் 23 நாள் சம்பளம் 89,032, கிராஜுவிட்டி 2,07,692, லீவ் என்கேஷ்மென்ட் 54,000. பிடித்தமும் மூன்று: நோட்டீஸ் ரெகவரி 1,60,000, பி.எஃப். 1,800, தொழில் வரி 1,250. வருமான வரி என்ற இடத்தில் பூஜ்யம்.

கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. கணினி போட்ட கணக்கில் கூட்டல் தப்பாது. அதனால்தான் பலரும் கூட்டிப் பார்த்துவிட்டு "சரியாத்தான் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இந்தத் தாளில் தவறு கூட்டலில் ஒளிந்திருப்பதில்லை. ஒவ்வொரு வரியும் எந்தச் சம்பளத்தின் மீது கணக்கிடப்பட்டது, அதை எத்தனையால் வகுத்தார்கள், எத்தனை நாளால் அல்லது வருடத்தால் பெருக்கினார்கள் என்ற மூன்றில்தான் ஒளிந்திருக்கும். அந்த மூன்றையும் தாளில் அச்சிட மாட்டார்கள். நாமேதான் பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

கிராஜுவிட்டியிலிருந்து ஆரம்பித்தேன். கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருடங்களால் பெருக்க வேண்டும். 26 எங்கிருந்து வந்தது? மாதத்தில் நாலு ஞாயிறு போனால் வேலை நாள் 26 என்பது பழைய கணக்கு. மாதச் சம்பளக்காரரின் ஒருநாள் கூலி என்ன என்பதில் வழக்குகள் நடந்து, பின்பு 26 என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 30-ஆல் வகுத்தால் தொழிலாளிக்கு நஷ்டம். 60,000-ஐ 26-ஆல் வகுத்தால் 2,308 சொச்சம். அதன் 15 மடங்கு 34,615. ஒரு வருட சர்வீஸுக்குப் பையனுக்குச் சேர வேண்டியது இது.

தாளில் இருந்த 2,07,692-ஐ 34,615-ஆல் வகுத்தேன். சரியாக 6 வந்தது. வகுக்கும் எண் சரி, ஊதியம் சரி, வருடம்தான் தப்பு. அவனுடைய சர்வீஸ் 6 வருடம் 7 மாதம் 14 நாள். கடைசி வருடத்தில் ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டால் அதை முழு வருடமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது 1972-ஆம் வருடத்துப் பணிக்கொடைச் சட்டத்தில் இருந்தது. இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆக 7 வருடம், 2,42,308 ரூபாய். கம்பெனியின் மென்பொருள் வருடத்தை மட்டும் எடுத்து மாதத்தை வெட்டிவிட்டது. 34,616 ரூபாய் காணாமல் போயிருந்தது.

இந்த ஆறு மாத விதியை ஒருவர் கேட்டுவிட்டு வந்து, "நான் நாலு வருஷம் ஏழு மாசம் வேலை பார்த்தேன், அஞ்சு வருஷம்னு வரணுமே" என்று ஒருமுறை என் மேஜை முன்னால் நின்றார். அவர் குழம்பியதில் தவறில்லை. கிராஜுவிட்டி உண்டா இல்லையா என்பது ஒரு கேள்வி. எவ்வளவு என்பது இன்னொன்று. உண்டா என்பதற்கு ஐந்து வருடத் தொடர் சர்வீஸ் வேண்டும். எவ்வளவு என்பதற்கு மட்டுமே ஆறு மாத விதி. ஆனால் ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அந்த வருடமும் தொடர் சர்வீஸாகவே கருதப்படும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள் இயங்கும் இடங்களில் 240 என்பது 190 ஆகக் குறையும். அதனால் நாலு வருடம் ஏழு மாதக்காரருக்கு வழி இருந்தது. ஆனால் அவர் நினைத்த வழி அல்ல. இறந்தவர்களுக்கும் உடல் ஊனமுற்று வேலையை விட்டவர்களுக்கும் ஐந்து வருட நிபந்தனையே கிடையாது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்கு ஒரு வருடம் போதும் என்பது புதிய தொகுப்பு கொண்டுவந்த மாற்றம்.

புதிய தொகுப்பு என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றில் 'ஊதியம்' என்பதற்குப் புது விளக்கம் இருக்கிறது: வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி போன்ற விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும். அக்கா மகனுக்கு பேசிக் சரியாகப் பாதி என்பதால் எதுவும் மாறவில்லை. ஆனால் பேசிக்கை 30 சதவீதமாக வைத்துவிட்டு மிச்சத்தையெல்லாம் 'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்று நிரப்பும் கம்பெனிகள் நிறைய. அப்படிப்பட்ட சம்பளச் சீட்டு உங்களுடையதாக இருந்து, நவம்பர் 21-க்குப் பிறகு நீங்கள் விலகியிருந்தால், பேசிக்கை மட்டும் வைத்துப் போட்ட கிராஜுவிட்டியை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். கணக்குப் பிரிவைக் கேளுங்கள்: ஊதியம் என்று எந்தத் தொகையை எடுத்தீர்கள்?

பையன் இடையில் கேட்டான்: "மாமா, ஆஃபர் லெட்டர்ல கிராஜுவிட்டின்னு மாசாமாசம் ஒரு தொகை காட்டியிருந்தாங்களே, அதெல்லாம் கூட்டினா வர்றதுதானே?" இல்லை. சி.டி.சி.யில் பேசிக்கில் 4.81 சதவீதம் என்று காட்டுவார்களே, அது 15-ஐ 26-ஆல் வகுத்து மறுபடி 12-ஆல் வகுத்தால் கிடைக்கும் விகிதம், அவ்வளவுதான். உண்டியலில் சேர்ந்த காசு அல்ல. 2019-இல் அவன் பேசிக் 28,000 ஆக இருந்தாலும் கணக்குக் கடைசி மாதத்து 60,000-இல்தான்.

அடுத்தது விடுப்புப் பணம். இந்த இடத்தில் சட்டத்தைவிடக் கம்பெனியின் லீவ் பாலிசிக்குத்தான் அதிகாரம். தற்செயல் விடுப்பையும் மருத்துவ விடுப்பையும் பொதுவாகக் காசாக்க முடியாது. ஈட்டிய விடுப்பு மட்டுமே காசாகும், அதற்கும் உச்சவரம்பு இருக்கும். பையன் கணக்கில் இருந்த நாள் 27. 60,000-ஐ 30-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 2,000. 27 நாளுக்கு 54,000. பாலிசியிலும் 'பேசிக், 30 நாள்' என்றே இருந்தது. அதே மனிதரின் ஒரு நாள் கிராஜுவிட்டிக்கு 2,308 ரூபாய், விடுப்புக்கு 2,000 ரூபாய். விசித்திரம்தான், ஆனால் தவறு இல்லை. இந்த வரியில் நான் பார்த்தது ஒன்றே ஒன்று: டிசம்பர், ஜனவரி மாதங்களுக்குச் சேர வேண்டிய விடுப்பு வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று. ராஜினாமா கொடுத்த நாளிலேயே வரவை நிறுத்திவிடும் மென்பொருள்கள் உண்டு. இங்கே சரியாக இருந்தது.

பிறகு வந்தது நோட்டீஸ் ரெகவரி. பெரிய பள்ளம் இதில்தான்.

வேலை நியமனக் கடிதத்தை அனுப்பச் சொன்னேன். தேடி எடுக்க அவனுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. மூன்றாம் பக்கத்தில் அந்த வாக்கியம் இருந்தது. இரு தரப்பில் எவர் விலகினாலும் 90 நாள் நோட்டீஸ், அல்லது குறையும் நாட்களுக்கு ஈடான பேசிக் சம்பளம். பேசிக். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கடிதத்தைக் கேட்டேன். இப்போது தாளைப் பார்ப்போம். பிடித்தது 1,60,000. இதை 4,000-ஆல் வகுத்தால் 40 வருகிறது. 4,000 என்பது 1,20,000-ஐ 30-ஆல் வகுத்தது, அதாவது மொத்தச் சம்பளம். விடுப்புக்குக் காசு கொடுக்கும்போது ஒரு நாள் 2,000, நோட்டீஸுக்குக் காசு பிடிக்கும்போது அதே நாள் 4,000. எல்லாக் கம்பெனிகளும் வேண்டுமென்று செய்வதாக நான் சொல்ல மாட்டேன். மென்பொருளில் ரெகவரிக்கு மொத்தச் சம்பளம் என்று ஆரம்பத்திலேயே வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு நியமனக் கடிதத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை. கடிதத்தில் 'கிராஸ்' என்று எழுதியிருந்தால் அவர்கள் போட்டதுதான் சரி. ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டதற்கு வாதாட முடியாது.

அடுத்து நாட்கள். அவன் ராஜினாமா மெயில் அனுப்பியது டிசம்பர் 1, திங்கட்கிழமை. டிசம்பர் 31 நாள், ஜனவரி 31, பிப்ரவரி 28. கூட்டினால் அப்பழுக்கில்லாமல் 90. நோட்டீஸ் பிப்ரவரி 28-இல் முடிந்திருக்க வேண்டும். ஜனவரி 23 வரை அவன் வேலை பார்த்தது 54 நாள். குறைவு 36. கம்பெனி எடுத்தது 40. நாலு நாள் எங்கே போயிற்று? அவனுடைய மேனேஜர் ஊரில் இல்லாமல், எச்.ஆர். போர்ட்டலில் 'அக்செப்ட்' பட்டனை டிசம்பர் 5 அன்றுதான் அழுத்தியிருக்கிறார். கணினி அந்தத் தேதியிலிருந்து எண்ணிவிட்டது. நோட்டீஸ் என்பது கொடுக்கிற தேதியிலிருந்து ஓடுவது. வாங்கிக்கொண்டவர் எப்போது தலையசைத்தார் என்பதிலிருந்து அல்ல. கடிதத்திலும் 'ஏற்கப்பட்ட நாளிலிருந்து' என்று எதுவும் இல்லை. ஆக 36 நாள், நாளுக்கு 2,000, மொத்தம் 72,000. பிடித்ததோ 1,60,000. 88,000 வித்தியாசம்.

அவன் சீக்கிரம் விடுபட வேண்டும் என்று கேட்டது உண்மை. பிப்ரவரி தொடக்கத்தில் புது இடத்தில் சேர வேண்டியிருந்தது. அதனால் 36 நாளுக்குப் பணம் கட்டத்தான் வேண்டும். இதே இடத்தில் அவன் முழு 90 நாளும் இருக்கத் தயார் என்று சொல்லி, கம்பெனி "வேண்டாம், நாளையோடு போகலாம்" என்று அனுப்பியிருந்தால் பிடிக்க ஒன்றுமே இல்லை. கடிதத்தின் 'இரு தரப்பில் எவர் விலகினாலும்' என்ற சொற்களைக் காட்டி மிச்ச நாட்களுக்குக் கம்பெனியிடமே கேட்கலாம். அதனால் ரிலீவிங் தேதி பற்றிய மெயில்களில் 'என் வேண்டுகோளின்படி' என்று யார் எழுதினார்கள் என்பதைக் கவனித்து வையுங்கள்.

கிராஸில் பிடிக்கும் கம்பெனியில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. மீதமுள்ள விடுப்பை நோட்டீஸ் குறைவுக்கு ஈடுகட்டலாம் என்று பாலிசி சொன்னால், காசாக்குவதைவிட அதுவே லாபம். காசாக்கினால் ஒரு நாள் 2,000. ஈடுகட்டினால் 4,000 பிடித்தத்தைத் தடுக்கும். இதை விலகுவதற்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும். தாள் வந்த பிறகு கேட்டால் நடக்காது.

சில தாள்களில் நோட்டீஸ் ரெகவரிக்குக் கீழே 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று இன்னொரு வரி இருக்கும். சில வருடங்களுக்கு முன்பு அப்படிப் பிடித்தவர்கள் உண்டு. நோட்டீஸ் பணம் எந்தச் சேவைக்கும் விலை அல்ல, அதற்கு வரி கிடையாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டு முடித்துவிட்டது. இன்றைக்கும் அந்த வரி உங்கள் தாளில் இருந்தால் பழைய மென்பொருள் என்று பொருள்.

இங்கே இன்னொன்றும் எனக்கு உறுத்தியது. வரவையெல்லாம் ஒன்றாகக் கூட்டி, பிடித்தத்தையெல்லாம் ஒன்றாகக் கழித்து, ஒரே நிகரத் தொகையாகக் காட்டுவது வழக்கம். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் கிராஜுவிட்டி சம்பளம் மாதிரி அல்ல. அதை எப்போது நிறுத்திவைக்கலாம் என்பதைச் சட்டம் எண்ணிச் சொல்லியிருக்கிறது. வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ முதலாளிக்குச் சேதம் விளைவித்து, அதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டது, வன்முறை, ஒழுக்கக் கேடான குற்றம் என்று போகும் அந்தப் பட்டியலில் நோட்டீஸ் குறைவு இல்லை. பையனின் ஜனவரிச் சம்பளமும் விடுப்புப் பணமும் சேர்ந்தால் 1,43,032. கம்பெனி பிடித்ததோ 1,63,050. ஆக, இருபதாயிரம் ரூபாய் கிராஜுவிட்டியிலிருந்து கழிந்திருக்கிறது. நிகரத் தொகையைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. நிகரம் மைனஸில் போய், "நீங்கள்தான் கம்பெனிக்குப் பணம் தர வேண்டும்" என்று கடிதம் வாங்கியவர்களும் உண்டு. அவர்களில் ஐந்து வருடம் முடித்தவர்கள் கிராஜுவிட்டியைத் தனியாகக் கேட்க வேண்டும்.

நாள் கெடுவும் இப்படித்தான் இரண்டாகப் பிரியும். ஊதியத் தொகுப்பின்படி, ஒருவர் ராஜினாமா செய்தாலும் நீக்கப்பட்டாலும் அவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். கிராஜுவிட்டிக்கு 30 நாள். தாண்டினால் தனிவட்டி உண்டு. பையனுக்கு 45-ஆவது நாள் தாள் வந்தது, "45 நாள் எங்கள் பாலிசி" என்ற வாசகத்தோடு.

கடைசியாக வருமான வரி. பூஜ்யம் என்று பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம். எனக்கு அந்த வரியில்தான் அதிக நேரம் பிடித்தது.

அவன் புதிய வரி முறையில் இருப்பவன். வருடம் முழுக்க இருப்பான் என்ற கணக்கில் 14,40,000 ரூபாய்க்கு வரி போட்டு, மாதம் 7,345 வீதம் டிசம்பர் வரை 66,105 ரூபாய் டி.டி.எஸ். பிடித்திருந்தார்கள். ஜனவரியில் விலகியதும் கம்பெனி மறுகணக்குப் போட்டது. ஏப்ரல் முதல் ஜனவரி 23 வரை சம்பளம் 11,69,032. நிலையான கழிவு 75,000 போனால் 12 லட்சத்துக்குள் வந்துவிடுகிறது; 2025-26 நிதியாண்டில் அதற்குத் தள்ளுபடி உண்டு, வரி இல்லை. அதனால் பூஜ்யம். கம்பெனியின் பார்வையில் அது சரி. அவர்களுக்குத் தெரிந்த வருமானம் அவ்வளவுதான்.

புதிய கம்பெனியில் மாதம் 1,50,000. பிப்ரவரி, மார்ச் சேர்த்து 3,00,000. அவர்களுடைய கணினிக்கு இவன் வருட வருமானமே மூன்று லட்சம்தான், அங்கேயும் பூஜ்யம். இரண்டு பூஜ்யத்தையும் கூட்டினால் பூஜ்யம் வராது என்பதுதான் இதில் விஷயம். மொத்த வருமானம் 14,69,032. நிலையான கழிவு ஒரே ஒரு முறைதான், 75,000. மிச்சம் 13,94,032. இதற்கு வரி, செஸ் சேர்த்து 92,669. பிடித்தது 66,105. இன்னும் 26,564 கட்ட வேண்டும். ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது பலருக்கும் இந்த அதிர்ச்சி வருகிறது. பத்தாயிரத்துக்கு மேல் பாக்கி என்பதால் வட்டியும் சேரும். பழைய இடத்துச் சம்பள விவரத்தை 12பி படிவத்தில் எழுதிப் புது இடத்தில் கொடுத்திருந்தால் அவர்களே பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள். மார்ச் சம்பளம் போடப் பத்து நாள் இருந்ததால் அவனை அன்றிரவே கொடுக்கச் சொன்னேன்.

அந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால் இன்னொரு சமாச்சாரம் இருந்தது. தாளோடு சேர்த்து ஒரு வரிக் கணக்கீட்டுப் பக்கமும் அனுப்பியிருந்தார்கள். அதில் கிராஜுவிட்டி விலக்கு என்ற இடத்தில் முழுத் தொகையும் இருந்தது. 20 லட்சம் வரம்புக்குள், சட்டக் கணக்குக்குள் என்பதால் அது சரி. லீவ் என்கேஷ்மென்டுக்கு எதிரே விலக்கு இல்லை. 54,000-உம் வரிக்குரிய வருமானத்தில் சேர்ந்திருந்தது. சேர்த்தாலும் 12 லட்சத்துக்குள் நின்றுவிட்டதால் வரி பூஜ்யமாகவே தெரிந்தது. அதனால் யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் படிவம் 16-இல் இப்படியே வந்தால், புது இடத்து வருமானத்தோடு சேரும்போது அந்த 54,000 பதினைந்து சதவீத அடுக்கில் விழுந்து 8,424 ரூபாய் கூடுதல் வரியாகும்.

வேலையில் இருக்கும்போது காசாக்கிய விடுப்புக்கு வரி உண்டு. விலகும்போது காசாக்கியதற்குத் தனியார் ஊழியர்களுக்கு 25 லட்சம் வரை விலக்கு. 2023 ஏப்ரல் வரை அது வெறும் மூன்று லட்சமாக இருந்தது. பத்து மாத சராசரிச் சம்பளம், வருடத்துக்கு 30 நாளுக்கு மிகாமல் கணக்கிட்ட மீத விடுப்பு என்று வேறு எல்லைகளும் இருக்கின்றன. பையனுக்கு எல்லாமே 54,000-க்குக் கீழே இறங்கவில்லை. புதிய வரி முறையிலும் இந்த விலக்கு உண்டு. பிறகு ஏன் தரவில்லை? சட்டத்தில் 'ஓய்வு' என்ற சொல் இருப்பதால், ராஜினாமாவுக்குக் கிடையாது என்று பல கணக்குப் பிரிவுகள் நினைக்கின்றன. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் 'வயது முதிர்வாலோ வேறு விதமாகவோ' என்று இருக்கிறது. ராஜினாமாவும் அந்த 'வேறு வித'த்தில் அடக்கம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1980-களிலேயே சொல்லிவிட்டது. கம்பெனி தராவிட்டாலும் ரிட்டர்னில் நாமே கோரலாம். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறுகின்றன. ஜனவரியில் விலகியவனுக்குப் பழைய சட்டம்தான்.

நோட்டீஸுக்குப் பிடித்த பணத்துக்கும் வரி கட்ட வேண்டுமா என்று அவன் கேட்டது நல்ல கேள்வி. கைக்கே வராத பணம். ஆனால் படிவம் 16-இல் முழுச் சம்பளமும் வருமானமாகவே நிற்கும். பிடித்ததைக் கழித்துக் காட்ட மாட்டார்கள். 2017-இல் அகமதாபாத் வருமான வரித் தீர்ப்பாயம், கையில் வந்த சம்பளத்துக்குத்தான் வரி என்று ஒரு ஊழியருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதை நம்பி ரிட்டர்னில் 72,000-ஐக் கழிக்கலாம். 11,232 ரூபாய் மிச்சமாகும். படிவம் 16-ஓடு ஒத்துப்போகவில்லை என்று துறையிலிருந்து கடிதம் வர வாய்ப்பு இருக்கிறது, பதில் எழுதத் தயாராக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் ஒரு ஆடிட்டரிடம் காட்டிவிட்டுச் செய்வேன்.

பதினோரு மணிக்கு மெயில் எழுதினோம். கோபமாக எழுதத் தொடங்கியவனைத் தடுத்து, மூன்று பத்தியோடு நிறுத்தச் சொன்னேன். சர்வீஸ் 6 வருடம் 7 மாதம், எனவே 7. நியமனக் கடிதம் மூன்றாம் பக்கப்படி பேசிக், நோட்டீஸ் டிசம்பர் 1 முதல், எனவே 36 நாள். படிவம் 16-இல் விடுப்புப் பணத்துக்கு விலக்கு. ஒவ்வொன்றுக்கும் கீழே அவர்கள் போட்ட கணக்கும் நாம் போடும் கணக்கும். அடியில் நிகரத் தொகை 3,10,290 என்று. 'இதற்கு மேல் எனக்குக் கோரிக்கை எதுவும் இல்லை' என்ற படிவத்தில் கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். அதைத் திருத்தம் வரும்வரை வைத்திருக்கச் சொன்னேன்.

எட்டாம் நாள் பதில் வந்தது. கிராஜுவிட்டி வருடத்தை மறுபேச்சில்லாமல் ஏழாக்கிவிட்டார்கள். ரெகவரியையும் பேசிக்குக்கு மாற்றினார்கள், "சிஸ்டம் எரர்" என்று ஒரு வரி. விடுப்பு விலக்கைப் படிவம் 16-இல் காட்ட முடியாது, ரிட்டர்னில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நாட்கள் மட்டும் 40-லேயே நிற்கிறது; போர்ட்டலில் பதிவான தேதிதான் செல்லும் என்கிறார்கள். நாலு நாள், 8,000 ரூபாய். டிசம்பர் 1 மெயிலை அவன் தன் சொந்த முகவரிக்கும் ஒரு பிரதி போட்டு அனுப்பியிருந்தான். ஜனவரி 23 மாலை ஆறு மணிக்கு ஆபீஸ் லாகின் முடங்கிவிட்டது என்பதால், இப்போது அவன் கையில் இருக்கும் ஒரே அத்தாட்சி அதுதான். அதை இணைத்து இரண்டாவது மெயில் போயிருக்கிறது.